அலாரம் நின்றது, ஃபியூஸ்கள் நிற்கவில்லை

இரவு 1:52க்கு 33 கேவி கெப்பாசிட்டர் பேங்கின் பிரேக்கர் டிரிப் ஆனது. ரிலேயில் நியூட்ரல் அன்பேலன்ஸ் இரண்டாம் நிலை விளக்கு எரிந்தது. மறுநாள் காலை போய்ப் பார்த்தபோது வெளியில் எந்தத் தடயமும் இல்லை. உப்பிய டப்பா இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, புஷிங்கில் கருப்பு இல்லை. இன்டர்னல் ஃபியூஸ் வைத்த பேங்கில் இது வழக்கம்தான். வெளி ஃபியூஸ் போனால் அதன் வால் தொங்கும், தூரத்திலிருந்தே தெரியும். உள் ஃபியூஸ் டப்பாவுக்குள் சத்தமில்லாமல் போய்விடும். அது போனதைச் சொல்ல நியூட்ரலில் ஓடும் சில நூறு மில்லிஆம்பியரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தச் சாட்சியே பாதி உண்மையை மறைத்திருந்தது என்பதுதான் இந்த நிகழ்வு. முதல் துப்பு ரிலேக்குள்ளேயே கிடைத்தது. டிரிப் பதிவில் நியூட்ரல் கரண்ட் 0.73 A என்று இருந்தது. அதே நேரத்து அலைவடிவப் பதிவைத் திறந்து, சி.டி.யிலிருந்து நேராக வரும் சேனலை அளந்தால் 1.04 A வந்தது. ஒரே சி.டி., ஒரே கணம், 0.31 A வித்தியாசம்.

பேங்கின் அமைப்பைச் சொன்னால்தான் இந்த 0.31 ஏன் உறுத்தியது என்பது புரியும். இது 7.2 எம்விஏஆர் இரட்டை ஸ்டார் பேங்க். இரண்டு ஸ்டாரின் நியூட்ரலும் எர்த் ஆகவில்லை. இரண்டையும் இணைக்கும் கம்பியில் 5/1 சி.டி. ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஸ்டாரின் ஒரு ஃபேஸில் நான்கு யூனிட்: இரண்டு இணையாக, அப்படி இரண்டு வரிசை தொடராக. மொத்தம் 24 யூனிட். ஃபேஸ் கரண்ட் 126 A, அதில் ஒவ்வொரு ஸ்டாருக்கும் 63 A. ஒவ்வொரு யூனிட்டுக்குள்ளும் 5 குரூப் தொடராக இருக்கிறது, ஒவ்வொரு குரூப்பிலும் 12 எலிமென்ட் இணையாக, எலிமென்ட் ஒன்றுக்கு ஒரு ஃபியூஸ். யூனிட்டின் கெப்பாசிட்டன்ஸ் 10.52 µF. ஓட்டத்தில் அதன் மேல் விழுவது 9.53 கேவி, பெயர்ப்பலகையில் இருப்பது 10.5 கேவி.

ஒரு எலிமென்ட் பஞ்சர் ஆனால், அதே குரூப்பில் உள்ள மற்ற 11 எலிமென்ட்களும் தங்களிடம் இருந்த சார்ஜை அதற்குள் கொட்டுகின்றன. அந்த டிஸ்சார்ஜில் பழுதான எலிமென்ட்டின் ஃபியூஸ் சில மில்லிசெகண்டில் உருகி அதை வெட்டிவிடும். யூனிட் தொடர்ந்து ஓடும். இன்டர்னல் ஃபியூஸின் நோக்கமே அதுதான். ஆனால் குரூப்பில் இப்போது 11 பேர்தான். அந்தக் குரூப்பின் கெப்பாசிட்டன்ஸ் குறைந்ததால் தொடரில் அதன் பங்குக்கு விழும் மின்னழுத்தம் கூடுகிறது. அடுத்தது போனால் இன்னும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வொரு இழப்பும் அடுத்த இழப்பைத் துரிதப்படுத்தும்.

இதை நியூட்ரல் எப்படிப் பார்க்கிறது? முதல் ஸ்டாரின் ஆர் ஃபேஸில் கெப்பாசிட்டன்ஸ் d என்ற பங்கு குறைந்தது என்று வைப்போம். அந்த ஸ்டாரின் மூன்று கரண்டுகளின் கூட்டுத்தொகை இனி பூஜ்ஜியமாக இருக்காது. எர்த் இல்லாததால் மிச்சம் வெளியே போகவும் வழியில்லை. நியூட்ரல் புள்ளி கொஞ்சம் நகர்ந்து, அந்தக் குறையை இரண்டு ஸ்டாருமாகப் பகிர்ந்து சரிசெய்கின்றன. பாதி தன் ஸ்டாருக்குள்ளேயே அடங்கும், மறு பாதி இணைப்புக் கம்பி வழியாக அடுத்த ஸ்டாரிலிருந்து வரும். அதனால் சி.டி. பார்ப்பது கிட்டத்தட்ட இழந்த கரண்டில் பாதி:

```
In = 63 × 3d / (6 − d)
```

ஒரே குரூப்பில் ஃபியூஸ்கள் ஒவ்வொன்றாகப் போனால் வரும் எண்கள் இவை. மூன்றாம் நெடுவரிசை அந்தக் குரூப்பில் மீதி இருக்கும் எலிமென்ட்களின் மேல் விழும் மின்னழுத்தம், இயல்பானதை 1 என்று கொண்டு.

| போன ஃபியூஸ் | நியூட்ரல் கரண்ட் (A) | மீதி எலிமென்ட் மேல் | யூனிட் (µF) |
|---|---|---|---|
| 1 | 0.14 | 1.08 | 10.33 |
| 2 | 0.31 | 1.17 | 10.12 |
| 3 | 0.50 | 1.27 | 9.86 |
| 4 | 0.74 | 1.40 | 9.56 |
| 5 | 1.02 | 1.56 | 9.21 |

நான்கு ஃபியூஸ் போன நிலையிலும் அந்த யூனிட்டின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் 3 சதவீதம்கூடக் கூடவில்லை. ஃபேஸ் அம்மீட்டரில் 126 A-ல் 1 A அளவுதான் குறைந்திருக்கும். அதை யாரும் கவனிக்க முடியாது. யூனிட்டுக்கு வலி இல்லை, அதன் உள்ளே ஒரு குரூப்புக்கு மட்டும் 40 சதவீதம் கூடுதல் சுமை. யூனிட் மின்னழுத்தத்தின் 110 சதவீத வரம்பை மட்டும் வைத்து இன்டர்னல் ஃபியூஸ் பேங்குக்கு செட்டிங் போடுபவர்களை அவ்வப்போது பார்க்கிறேன். இந்தப் பேங்கில் ஐந்து ஃபியூஸ் போனாலும் அந்த வரம்பு தொடப்படாது.

செட்டிங்கில் பிழை இருந்ததா என்று முதலில் பார்த்தேன். இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த தாளில் நான்காவது ஃபியூஸோடு பேங்க் வெளியே வர வேண்டும் என்று இருந்தது. டிரிப் 0.62 A, 0.3 செகண்ட்; அதாவது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். அலாரம் 0.22 A, 10 செகண்ட்; ஒன்றுக்கும் இரண்டுக்கும் சற்றேறக்குறைய நடுவில். நன்றாக யோசித்துப் போட்ட செட்டிங். அப்படியானால் நான்கில் நிற்க வேண்டிய பேங்க் எப்படி 1.04 A வரை, அதாவது ஐந்தாவது ஃபியூஸ் வரை போனது?

பதில் ரிலேயின் காம்பென்சேஷன் பக்கத்தில் இருந்தது. எந்தப் பேங்கிலும் 24 யூனிட்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்காது. அதனால் எல்லாம் நலமாக இருக்கும்போதே நியூட்ரலில் சிறு கரண்ட் ஓடும். சார்ஜ் செய்த முதல் நாளில் அதை அளந்து, அளவும் கோணமுமாக ரிலேயில் சேமித்து, பிறகு வரும் ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழிக்கச் சொல்லலாம். இந்தப் பேங்கில் முதல் நாள் சேமித்தது 0.05 A, 90°. அது கமிஷனிங் தாளில் பதிவாகி இருந்தது. நான் பார்த்த அன்று ரிலேயில் இருந்ததோ 0.31 A, 171°.

யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள். யார் என்று தேடவேண்டிய அவசியமே வரவில்லை. ஷிப்ட் பொறியாளர் ஒளிக்காமல் சொன்னார். "சார், மூணு மாசம் முன்னாடி ஸ்டேஜ் ஒன் அலாரம் விடாம அடிச்சுது. பேங்கைச் சுத்திப் பார்த்தோம், ஒண்ணும் இல்லை. ரிலே புத்தகத்துல நேச்சுரல் அன்பேலன்ஸ் மாறினா திரும்ப காம்பென்சேட் பண்ணலாம்னு போட்டிருக்கு. பண்ணினோம், அலாரம் போயிடுச்சு."

அவர் மேல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஒரு பட்டனில் அலாரம் நின்றுவிடும் வசதியை எந்தத் தடையும் இல்லாமல் கொடுத்தால், இரவு ஷிப்ட்டில் அது அழுத்தப்படும். அன்று அழுத்தியபோது ரிலே கழிக்கத் தொடங்கியது வெறும் இயற்கையான 0.05 A-ஐ அல்ல. இரண்டு ஃபியூஸ் போனதற்கான 0.31 A-ஐயும் சேர்த்து. 180°-ல் 0.31, 90°-ல் 0.05, இரண்டையும் வெக்டராகக் கூட்டினால் 0.31 A, 171°. சேமிப்பில் இருந்த எண் அப்படியே வந்தது.

இதன் பிறகு ரிலேயின் கண்ணுக்கு அட்டவணை இப்படி மாறிவிட்டது. மூன்றாவது ஃபியூஸ் போனால் 0.50 இல்லை, 0.19. அலாரம் 0.22-ல் இருப்பதால் ஓசையே வராது. நான்காவது போனால் 0.43, டிரிப் ஆகவேண்டிய இடத்தில் வெறும் அலாரம். ஐந்தாவது போனால்தான் 0.71, அங்கேதான் டிரிப். ஒரே அழுத்தில் அலாரம் இரண்டு படியும் டிரிப் ஒரு படியும் பின்னால் தள்ளிப்போயின. செட்டிங் தாளில் ஒரு எண்கூட மாறவில்லை என்பதால் தாளை மட்டும் பார்க்கும் எந்தத் தணிக்கையிலும் இது அகப்படாது.

இது வரை ஊகம்தான். உறுதி செய்ய உதவியது, யாரும் பெரிதாக மதிக்காத ஷிப்ட் லாக் புத்தகம். அதில் ரிலே திரையில் தெரியும் நியூட்ரல் கரண்டை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் எழுதும் வழக்கம் இருந்தது. எழுதியவர்கள் அர்த்தம் யோசிக்காவிட்டாலும் நேர்மையாக எழுதியிருந்தார்கள். நீண்ட நாள் 0.00, 0.01. பிறகு ஒரு நாள் திடீரென 0.14. ஐந்து மாதம் அதே 0.14. பின்பு 0.31, அலாரம் என்ற குறிப்போடு. அடுத்த ஷிப்ட்டில் 0.00, பக்கத்தில் "நார்மல்". பதினோரு வாரம் கழித்து 0.20, அலாரம் இல்லை, குறிப்பும் இல்லை. பத்தொன்பது நாள் அதே 0.20. கடைசி நாள் இரவு 10:35க்கு அலாரம், 0.44. அடுத்த வரி டிரிப்.

காம்பென்சேஷன் மாற்றிய பிறகு வந்த எண்களோடு 0.31-ஐக் கூட்டிப் பார்த்தேன். 0.51, 0.75, 1.04. அட்டவணையில் 3, 4, 5-க்கு எதிரே இருப்பது 0.50, 0.74, 1.02. பஸ் மின்னழுத்தம் 2 சதவீதம் கூடுதலாக இருந்திருந்தால் இந்தச் சிறு இடைவெளியும் சரியாகிவிடும். ஐந்து எண்களும் ஒரே குரூப்பின் ஏணியில் படிப்படியாக ஏறுகின்றன. பல யூனிட்களில் ஒவ்வொன்றாகப் போயிருந்தால் படிகள் 0.14, 0.28, 0.42 என்று ஏறத்தாழ சம உயரத்தில் இருந்திருக்கும். படி உயரம் வளர்ந்துகொண்டே போவது ஒரே குரூப் தேய்கிறது என்பதன் அடையாளம். இரண்டிலும் நியூட்ரல் கரண்ட் வரும், ஆனால் ஆபத்து ஒன்றல்ல. தனித்தனி யூனிட்களில் மூன்று ஃபியூஸ் போனால் ஒவ்வொரு குரூப்பிலும் சுமை 8 சதவீத அளவில்தான் கூடும். ஒரே குரூப்பில் மூன்று போனால் 27 சதவீதம்.

கால இடைவெளிகளையும் பாருங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐந்து மாதம். பிறகு பதினோரு வாரம், பத்தொன்பது நாள். நான்காவதுக்குப் பிறகு 3 மணி 17 நிமிடம். 1.40 மடங்கு மின்னழுத்தத்தில் எலிமென்ட்டின் இன்சுலேஷன் படலம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை அந்தக் குரூப் தானே காட்டிவிட்டது.

அடுத்து எந்த யூனிட்? இங்கே கோணம் உதவும். ஆர் ஃபேஸ் கரண்டை 0° என்று வைத்து, சி.டி.யின் நேர்த்திசை முதல் ஸ்டாரிலிருந்து இரண்டாவதுக்கு என்று கொண்டால், முதல் ஸ்டார் ஆர் ஃபேஸில் ஃபியூஸ் போனால் நியூட்ரல் கரண்ட் 180°-ல் வரும். இரண்டாவது ஸ்டார் ஆர் ஃபேஸ் என்றால் 0°. ஒய் ஃபேஸுக்கு 60°, 240°; பி ஃபேஸுக்கு 300°, 120°. ஆறு இடத்துக்கு ஆறு கோணம். டிரிப் நேரக் கோணம் 180°. முதல் ஸ்டார், ஆர் ஃபேஸ், நான்கு யூனிட்டில் ஒன்று.

இருந்தாலும் 24 யூனிட்டையும் அளக்கச் சொன்னேன். ஷிப்ட்டில் முகம் சுளித்தார்கள். காரணம் இது: கோணம் பொய் சொல்லாது, ஆனால் இரண்டு உண்மைகளைக் கூட்டி ஒன்றாகச் சொல்லிவிடும். முதல் ஸ்டாரில் ஆர் ஃபேஸில் ஒன்று, ஒய் ஃபேஸில் ஒன்று போயிருந்தால், 180°-லும் 60°-லும் சம அளவு கரண்ட் வந்து, கூட்டுத்தொகை 120°-ல் அதே 0.14 A-ஆக நிற்கும். ரிலேயைக் கேட்டால் இரண்டாவது ஸ்டார் பி ஃபேஸில் ஒரு ஃபியூஸ் என்று சொல்லும். அங்கே போய் அளந்தால் எல்லாம் நலமாக இருக்கும். இதைவிட மோசமானது இரண்டு ஸ்டாரிலும் ஆர் ஃபேஸில் ஒவ்வொன்று போவது. 180°-ம் 0°-ம் ஒன்றையொன்று அழித்து, திரையில் 0.00 நிற்கும். அலாரம் அடித்துக்கொண்டிருந்த பேங்கில் யாரும் தொடாமலே அலாரம் நின்றால் நான் நிம்மதி அடைவதில்லை, எதிர்ப் பக்கத்தில் இன்னொன்று போயிருக்கலாம் என்றுதான் முதலில் நினைப்பேன்.

பேங்கை இரு பக்கமும் ஐசொலேட் செய்து, டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் வேலை செய்ய 10 நிமிடம் விட்டு, ஃபேஸ்களோடு இரண்டு நியூட்ரலையும் சேர்த்து எர்த் செய்து, ஒவ்வொரு யூனிட்டின் முனைகளையும் தனியாக ஷார்ட் செய்த பிறகுதான் கை வைத்தோம். நியூட்ரல் எர்த் ஆகாத பேங்கில் ஃபேஸை மட்டும் எர்த் செய்துவிட்டு நியூட்ரலை மறப்பவர்கள் உண்டு. தொடர் வரிசையின் நடுப்புள்ளியை மறப்பவர்கள் இன்னும் அதிகம். அளக்கும்போது அளக்கும் யூனிட் இருக்கும் ஸ்டாரில் அந்த ஃபேஸின் நான்கு யூனிட்டின் ஷார்ட்டை மட்டும் எடுத்தோம். கிளாம்ப் வகை கெப்பாசிட்டன்ஸ் மீட்டர் என்பதால் பஸ்பார் இணைப்புகளை அவிழ்க்கத் தேவைப்படவில்லை. 23 யூனிட் 10.45-க்கும் 10.60-க்கும் இடையில் வந்தன. முதல் ஸ்டார், ஆர் ஃபேஸ், மேல் வரிசை, இரண்டாவது யூனிட் மட்டும் 9.20 µF. அட்டவணையில் ஐந்தாவது வரி.

ஒரு குறிப்பு: 10.52 என்று அச்சிட்ட யூனிட் 10.33 காட்டினால், அதாவது 2 சதவீதத்துக்கும் குறைவாக இறங்கினால், பலர் அதை மீட்டர் பிழை என்று விட்டுவிடுவார்கள். ஐந்து குரூப், பன்னிரண்டு எலிமென்ட் அமைப்பில் ஒரு ஃபியூஸ் போனால் இறங்குவது அவ்வளவுதான். உள்ளமைப்பு தெரியாமல் "5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி" என்று பொதுவிதி வைத்தால் இரண்டு ஃபியூஸ் போன யூனிட்டும் தேர்ச்சி பெற்றுவிடும். அதனால் யூனிட்டின் குரூப் எண்ணிக்கையையும் எலிமென்ட் எண்ணிக்கையையும் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி, பழைய அளவீட்டோடு அதே யூனிட்டை ஒப்பிட வேண்டும். பழைய அளவீடும் புதியதும் கூடியவரை ஒரே வெப்பநிலையில் எடுத்ததாக இருக்கட்டும்.

ஸ்பேர் யூனிட்களில் 10.47 µF கொண்ட ஒன்றைப் போட்டோம். அதோடு செய்த மாற்றம் இரண்டு. காம்பென்சேஷன் மெனுவைப் பாஸ்வேர்டுக்குப் பின்னால் வைத்தோம். 24 யூனிட் அளவீட்டுத் தாள் இல்லாமல் அதைத் தொடக்கூடாது, சேமிக்கும் அளவு 0.07 A-ஐத் தாண்டக்கூடாது என்று எழுதி ஒட்டினோம். ஒரு ஃபியூஸின் கரண்டில் பாதி அது. இயற்கையான அன்பேலன்ஸ் அதைத் தாண்டினால் கழிப்பதற்குப் பதில் யூனிட்களை இடம் மாற்றிச் சமன் செய்வது நல்லது. இரண்டாவதாக, லாக் புத்தகத்தில் காம்பென்சேஷன் கழிக்காத கரண்டுக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்தோம். இது இருந்திருந்தால் 0.00-க்குப் பக்கத்திலேயே 0.31 தினமும் மூன்று முறை எழுதப்பட்டிருக்கும்.

செட்டிங் எண்களை நான் தொடவில்லை. அலாரத்தை முதல் ஃபியூஸிலேயே அடிக்கும்படி 0.08 A-க்கு இறக்கலாமா என்று கேட்டார்கள். ஒரு பக்க ஸ்டாருக்கு வெயிலும் மறு பக்கத்துக்கு நிழலும் விழும் இடத்தில் அது அடிக்கடி சும்மா அடிக்கும், சும்மா அடிக்கும் அலாரத்தை நிறுத்த மறுபடி ஒரு பட்டன் தேடப்படும் என்பது என் பயம். முதல் ஃபியூஸை லாக் புத்தகமே 0.14 என்று பிடித்திருந்தது.

சார்ஜ் செய்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டு வைத்தோம். பழைய 10.52-க்குப் பதில் 10.47 வந்ததால் அந்த ஃபேஸில் சிறு குறை. அது 180°-ல் 0.04 A-க்குச் சற்றுக் குறைவாக வரும். பழைய இயற்கை அன்பேலன்ஸ் 90°-ல் 0.05 A. கூட்டினால் 0.06 A, 127°. காம்பென்சேஷனை முழுவதும் அணைத்துவிட்டு பிரேக்கரைப் போட்டோம். இன்ரஷ் அடங்கியதும் ரிலே காட்டியது 0.06 A, 125°.